நூலகர் ரெஸ்யூம்: மென்பொருள் பட்டியலா, பணி வரிசையா, செய்த வேலையா?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நூலகர் வேலைக்கு வரும் ரெஸ்யூம்களைத் தொடர்ந்து பார்க்கிறவன் நான். கல்லூரித் தேர்வுக் குழுக்களில் பாட வல்லுநராக உட்காரும்போது கைக்கு வருபவை சில. "அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடுங்க சார்" என்று இளையவர்கள் தருபவை சில. படிப்பு, அனுபவம் எல்லாம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கேட்லாக் வேலை, மின்வளங்கள், பயனர் பயிற்சி ஆகிய மூன்றையும் எந்த வடிவில் எழுதுவது என்பதில்தான் ஆள் தடுமாறிவிடுகிறார்.

மூன்று வடிவங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. தெரிந்த மென்பொருள்களையும் விதிமுறைகளையும் மேலே பட்டியலாகப் போடுவது ஒன்று. எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை எங்கே வேலை பார்த்தோம், அங்கே என்ன பொறுப்பு என்று பணி வரிசையில் எழுதுவது இன்னொன்று. இதுவரை செய்த பெரிய வேலைகளில் மூன்று நான்கை எடுத்து, முன்பு நூலகம் எப்படி இருந்தது, நாம் என்ன செய்தோம், இப்போது எப்படி இருக்கிறது என்று எழுதுவது மூன்றாவது. எனக்கு மூன்றாவதுதான் பிடிக்கும். ஆனாலும் எல்லா வாசலுக்கும் அது ஒத்துவராது என்பதையும் பார்த்திருக்கிறேன். அதனால் ஒரே ஆளை எடுத்துக்கொண்டு மூன்றையும் போட்டுப் பார்த்துவிடலாம்.

டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் தேர்வு வழியாகப் போகிற நூலகர் இடங்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது. அங்கே எழுத்துத் தேர்வு மதிப்பெண்தான் ஆளை முன்னே கொண்டுபோகும். கல்லூரி, பள்ளி, நிறுவனம் என்று நேரடியாக விண்ணப்பம் வாங்குகிற இடங்களைப் பற்றித்தான் பேசுகிறேன்.

உதாரணத்துக்கு, ஊத்தங்கரை பக்கம் ஒரு சுயநிதி கலை அறிவியல் கல்லூரியில் ஒன்பது ஆண்டுகளாக நூலகராக இருக்கும் ஒரு பெண்மணி என்று வைத்துக்கொள்வோம். முதுநிலை நூலக அறிவியல் படித்து, செட் தேர்வும் தேறியவர். அவருடைய நூலகத்தில் 16,200 புத்தகங்கள். இப்போது மூன்று இடங்களுக்கு விண்ணப்பிக்கிறார். தருமபுரியில் நாக் மதிப்பீட்டுக்குத் தயாராகிற ஒரு கல்லூரி, ஓசூரில் ஒரு சிபிஎஸ்இ பள்ளி, ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தின் தகவல் மையம். ரெஸ்யூம் ஆங்கிலத்தில்தான் போகும். இங்கே பேசுவதற்கு வசதியாக வரிகளைத் தமிழில் தருகிறேன்.

பட்டியல் சொல்வதும் சொல்லாததும்

பட்டியல் வடிவத்தில் எழுதினால் அவருடைய முதல் பக்கம் இப்படி இருக்கும்: கோஹா, சோல் 3.0, இ-கிரந்தாலயா, நியூஜென்லிப், டிஸ்பேஸ், கிரீன்ஸ்டோன், மார்க் 21, ஏஏசிஆர் 2, ஆர்டிஏ, டிடிசி 23, இசட் 39.50. பார்த்தவுடன் கண்ணில் படும். விண்ணப்பங்களைக் கணினி வைத்து வடிகட்டுகிற நிறுவனங்களில் இந்தப் பெயர்கள் எழுத்துப் பிசகாமல் இருந்தால்தான் ரெஸ்யூம் மனிதர் கைக்கே போகும். பட்டியலால் கிடைக்கிற நன்மை இவ்வளவுதான்.

இதில் எது அவர் கைபட்டது, எது வகுப்பில் கேட்டது என்று தெரியாது. கோஹா நியூசிலாந்தில் தொடங்கிய திறந்த மூல மென்பொருள், லினக்ஸ் சர்வரில் இருந்து பிரௌசர் வழியே ஓடும். சோல், காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் உருவாக்கியது. இ-கிரந்தாலயா தேசிய தகவலியல் மையத்துடையது. மூன்றிலும் உண்மையாகவே வேலை பார்த்தவர் இருக்கலாம்தான், ஆனால் அரிது. ஒன்பது ஆண்டுகள் ஒரே கல்லூரியில் இருந்தவர் நான்கு ஆட்டோமேஷன் மென்பொருள்களை எழுதியிருந்தால் குழுவில் இருப்பவர் முதலில் அங்கேதான் கை வைப்பார். "மார்க்கில் தலைப்புக்கு எந்த டேக்?" என்று கேட்டால் 245 என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். "ஒரே புத்தகத்தில் ஐந்து படிகள் இருந்தால் எப்படி ஏற்றினீர்கள்?" என்று கேட்டால்தான் செய்தவரும் படித்தவரும் பிரிவார்கள். இதற்குக் கீழே திரும்ப வருகிறேன்.

பணி வரிசை வடிவத்தில் வேறொரு சிக்கல். "2016 முதல் இன்றுவரை நூலகர். பொறுப்புகள்: புத்தகக் கொள்முதல், வகைப்படுத்துதல், கேட்லாக், சர்க்குலேஷன், ஸ்டாக் வெரிஃபிகேஷன், ஓரியன்டேஷன்." இதில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது. ஆனால் தமிழ்நாட்டில் எந்தக் கல்லூரி நூலகரும் இதே வரிகளை எழுதலாம். நல்ல பக்கமும் உண்டு: இடைவெளி இல்லாமல் வேலை பார்த்தாரா, எந்த ஆண்டு என்ன பதவி, யாரிடம் விசாரிக்கலாம் என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும். பள்ளி நிர்வாகங்கள் இதைத்தான் முதலில் தேடும்.

கேட்லாக் வேலையை எழுதுவது

நம்முடைய நூலகர் 2019-20இல் தன் நூலகத்தைப் பழைய மென்பொருள் ஒன்றிலிருந்து கோஹாவுக்கு மாற்றினார். பட்டியல் வடிவத்தில் இது "கோஹா" என்ற ஒரே சொல். பணி வரிசையில் "நூலக ஆட்டோமேஷன்". ஆனால் அந்த வேலைக்குள் என்ன நடந்தது என்று பார்த்தால்தான் எதை எழுத வேண்டும் என்பது தெரியும்.

பழைய மென்பொருளிலிருந்து எல்லாவற்றையும் எக்செல் ஆக எடுத்தார். அக்சஷன் ரெஜிஸ்டரைப் போலவே அதிலும் ஒரு படிக்கு ஒரு வரி. 16,200 வரிகள். அதை அப்படியே மார்க் பதிவுகளாக மாற்றி ஏற்றியிருந்தால், பி.காம். மாணவர்களுக்காக வாங்கிய ஒரு கணக்கியல் பாடநூலின் முப்பது படிகள் ஓபேக்கில் முப்பது தனித்தனிப் புத்தகங்களாக வந்து நிற்கும். மாணவர் தேடினால் இரண்டு பக்கத்துக்கு அதே தலைப்புதான். ஒன்றில் "வெளியே போயிருக்கிறது" என்று காட்டும், அடுத்ததில் "இருக்கிறது" என்று காட்டும். இந்த மாவட்டங்களில் அவசரத்தில் மாற்றிய பல நூலகங்களில் இந்தக் கோளாறு இன்னும் இருக்கிறது. கண்டுபிடிப்பது எளிது. மொத்தத் தலைப்புகளின் எண்ணிக்கையும் மொத்தப் படிகளின் எண்ணிக்கையும் சமமாகவோ கிட்டத்தட்ட சமமாகவோ இருந்தால், படிகள் தலைப்பின்கீழ் சேரவில்லை என்று அர்த்தம்.

அவர் அப்படி விடவில்லை. ஐஎஸ்பிஎன், தலைப்பு, பதிப்பு மூன்றையும் வைத்து வரிகளைச் சேர்த்தார். ஐஎஸ்பிஎன்னை மட்டும் நம்ப முடியவில்லை. பழைய தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பாலானவற்றுக்கு அது கிடையாது. சில பதிப்பகங்கள் திருத்திய புதிய பதிப்பிலும் பழைய எண்ணையே போட்டுவிடும். சேர்த்த பிறகு மார்க்எடிட் மென்பொருளில் மார்க் பதிவுகளாக்கினார். தலைப்பு 245இல், ஆசிரியர் 100இல், வகுப்பு எண் 082இல். ஒவ்வொரு படிக்கும் ஒரு 952, அதில் பார்கோடு, கால் நம்பர், கிளை, புத்தக வகை. கோஹாவில் கிளைக் குறியீடு ஏற்கெனவே பதிந்திருப்பதோடு ஒத்துப்போகவில்லை என்றால் தலைப்பு ஏறும், படி ஏறாது. முதல் முந்நூறு பதிவுகளை மட்டும் சோதனையாக ஏற்றிப் பார்த்ததால் அது உடனே பிடிபட்டது. கடைசியில் கணக்கு 9,400 தலைப்புகள், 16,200 படிகள் என்று நின்றது.

அடுத்தது தமிழ்ப் பதிவுகள். பழைய மென்பொருளில் தமிழ்த் தலைப்புகள் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு ஒன்றில் அடிக்கப்பட்டிருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். அப்படி 3,100 பதிவுகள். மாற்றி என்று இணையத்தில் கிடைப்பவற்றில் போட்டால் முக்கால்வாசி சரியாக வந்துவிடும். மீதிதான் ஆளைப் படுத்தும். பழைய எழுத்துருவில் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் மெய்க்கு முன்னால் தனியாக இருக்கும், யூனிகோடில் மெய்க்குப் பின்னால் வர வேண்டும். தட்டச்சு செய்தவர் கால் போட வேண்டிய இடத்தில் "ர" போட்டிருப்பார், கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிவதால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். "கௌ" என்பதில் கடைசிக் குறிக்குப் பதில் "ள" இருக்கும். "பொருளியல்" என்ற சொல்லில் உள்ள "பொ"வை, கொம்பையும் காலையும் தனித்தனியாக வைத்தும் எழுதலாம், ஒரே குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். தேடும் இயந்திரத்துக்கு அவற்றை ஒன்றாக்கிக் காட்டும் ஏற்பாடு இல்லையென்றால் அலமாரியில் ஐம்பது பொருளியல் புத்தகம் இருந்தும் ஓபேக் "இல்லை" என்று சொல்லும். கோஹாவின் ஜீப்ரா தேடலில் தமிழுக்கு ஐசியூ முறைக்கு மாற்றி மீண்டும் இன்டெக்ஸ் செய்தால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி தீரும். கால் போட வேண்டிய இடத்தில் "ர" போட்ட பிழையை மட்டும் ஆள் உட்கார்ந்துதான் திருத்த வேண்டும்.

இவ்வளவையும் ரெஸ்யூமில் எழுத முடியாது, எழுதவும் கூடாது. நான் சிபாரிசு செய்யும் வரி இது:

"பழைய மென்பொருளிலிருந்து கோஹாவுக்கு மாற்றம், 2019-20: 9,400 தலைப்புகள், 16,200 படிகள். படிவாரியாக இருந்த பதிவுகளைத் தலைப்புவாரியாக இணைத்தேன். 3,100 தமிழ்ப் பதிவுகளை யூனிகோடுக்கு மாற்றி அக்சஷன் ரெஜிஸ்டருடன் ஒப்பிட்டுத் திருத்தினேன். சர்வரை நிறுவிப் பராமரிப்பது வெளி நிறுவனம். பதிவுகளைத் தயாரித்தது, ஏற்றியது, சரிபார்த்தது நான்."

கடைசி இரண்டு வாக்கியங்களைச் சேர்க்கத் தயங்குகிறார்கள். சர்வர் நமக்குத் தெரியாது என்று ஒத்துக்கொள்வது போல ஆகிவிடுமே என்கிறார்கள். நான் பார்த்தவரை நடப்பது வேறு. அந்த வாக்கியங்கள் இல்லையென்றால் கேள்வி சர்வர் பக்கம் போகும், உபுண்டு எந்தப் பதிப்பு, பேக்கப் எப்படி என்று. இருந்தால் கேள்வி அவர் செய்த வேலைக்குள் வரும். அங்கே அவரால் அரை மணி நேரம் பேச முடியும்.

தலைப்பு, படி என்று இரண்டு எண்களையும் தருவதில் இன்னொரு பலனும் இருக்கிறது. ஐந்து படிகளை எப்படி ஏற்றினீர்கள் என்ற கேள்விக்கு ரெஸ்யூமே பதில் சொல்லிவிடுகிறது. வேலை தெரிந்த ஆள் குழுவில் ஒருவர் இருந்தாலும் அந்த இரண்டு எண்களைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிடும்.

ஓசூருக்குப் போகிற ரெஸ்யூமில் இன்னொரு வரி சேர்க்கலாம். அந்தப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் நிறைய. நூலகத்திலும் அந்த மொழிப் புத்தகங்கள் வரும். நம்முடைய நூலகர் ஊத்தங்கரையிலேயே நானூறு தெலுங்கு, கன்னடப் புத்தகங்களை அந்தந்த எழுத்திலேயே பதிந்து, மொழிக் குறியீட்டில் tel, kan என்று சரியாகக் கொடுத்திருக்கிறார். பல இடங்களில் எல்லாப் பதிவுகளிலும் eng என்றே கிடக்கும். அப்புறம் மொழி வாரியாக எத்தனை புத்தகம் என்று யாராவது கேட்டால் அலமாரி அலமாரியாக எண்ண வேண்டியதுதான்.

மின்வளங்கள்: யாருடைய எண்ணிக்கை?

"6,000-க்கும் மேற்பட்ட மின்னிதழ்களையும் லட்சக்கணக்கான மின்னூல்களையும் நிர்வகித்தேன்." இந்த வரி ஏறக்குறைய எல்லா கலை அறிவியல் கல்லூரி நூலகர் ரெஸ்யூமிலும் இருக்கிறது. எண் இன்ஃப்ளிப்நெட்டின் என்-லிஸ்ட் திட்டத்துடையது. கல்லூரி சந்தா கட்டிச் சேர்ந்தவுடன் எல்லோருக்கும் ஒரே தொகுப்புதான் கிடைக்கும். குழுவில் இருப்பவருடைய கல்லூரியிலும் அதே தொகுப்பு இருக்கும். அந்த எண்ணைப் பார்த்து யாரும் வியக்கப் போவதில்லை.

தவறான இடத்தில் தவறான பெயரைப் போட்டுவிடும் ஆபத்தும் உண்டு. ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் தந்தது. 2025 ஜனவரி 1 முதல் மத்திய, மாநில அரசுகள் நிர்வகிக்கும் உயர்கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அதன் வழியாகக் கிடைக்கின்றன. பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியிலோ கிருஷ்ணகிரி அரசு கலைக் கல்லூரியிலோ இருப்பவர் அதை எழுதினால் பொருந்தும். சுயநிதிக் கல்லூரியில் இருந்தவர் எழுதினால் பொருந்தாது. அதேபோல என்-லிஸ்ட் கலை, அறிவியல் பக்கத்துக் கல்லூரிகளுக்கு என்று வந்த திட்டம். பொறியியல் கல்லூரி ரெஸ்யூமில் அது இருந்தால் எப்படி என்று கேட்பார்கள். அங்கே பெரும்பாலும் டெல்நெட் உறுப்பினர் சேர்க்கையோ பதிப்பகத்திடம் நேரடியாக எடுத்த சந்தாவோதான் இருக்கும்.

அப்போது நம்முடைய நூலகருக்குச் சொந்தமானது எது? என்-லிஸ்டில் கல்லூரி தரப்பில் ஒருவர் பயனர் பெயர்களையும் மின்னஞ்சல்களையும் பதிய வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனி நுழைவு கிடைக்கும், வீட்டிலிருந்தும் பயன்படுத்தலாம். அந்த வேலை அவருடையது. படிப்பு முடிந்து போனவர்களை நீக்குவது, கடவுச்சொல் மறந்தவர்களுக்கு மீட்டுக் கொடுப்பது, யார் நுழைகிறார்கள் என்று மாதம் ஒருமுறை பார்ப்பது, இவையும் அவருடையவை. 62 ஆசிரியர்களில் 58 பேரையும் முதுகலை மாணவர்களில் 96 பேரையும் சேர்த்தார் என்றால் அதை எழுத வேண்டும். 154 என்ற எண் 6,000க்குப் பக்கத்தில் சின்னதாகத் தெரிந்தாலும் அதில் அவருடைய உழைப்பு இருக்கிறது, கேள்வி கேட்டால் நின்று பதில் சொல்லவும் முடியும்.

டிஸ்பேஸ் பற்றியும் இப்படியே. "நிறுவனக் களஞ்சியம் உருவாக்கினேன்" என்று மட்டும் எழுதினால் போதாது. அவர் பதினோரு ஆண்டுகளின் பல்கலைக்கழகக் கேள்வித்தாள்கள், முதுகலை மாணவர்களின் புராஜெக்ட் அறிக்கைகள் என 1,850 கோப்புகளை ஸ்கேன் செய்து, பாடம், பாடக் குறியீடு, பருவம், ஆண்டு வாரியாகத் தகவல் கொடுத்து ஏற்றியிருக்கிறார். பாடக் குறியீட்டை முக்கியமாகச் சொல்ல வேண்டும். பாடத்திட்டம் மாறும்போது குறியீடும் மாறும், பழைய குறியீட்டையும் புதியதையும் ஒரே பதிவில் கொடுத்தால்தான் மாணவருக்கு முந்தைய ஆண்டுத் தாள்கள் கிடைக்கும். அப்புறம், அந்தக் களஞ்சியம் கல்லூரி வளாகத்துக்குள் மட்டும் திறக்குமா, வெளியிலும் திறக்குமா என்று எழுதிவிட வேண்டும். முகவரியைக் கொடுத்துவிட்டு, குழுவில் ஒருவர் போனில் தட்டிப் பார்க்கும்போது திறக்காமல் போனால் பேச்சு அத்தோடு வேறு திசைக்குப் போய்விடும். "வளாகத்துக்குள் மட்டும்" என்ற இரண்டு சொற்கள் அதைத் தடுக்கும்.

பயனர் பயிற்சி

இங்கேதான் ரெஸ்யூம்கள் மிகவும் மெலிந்து கிடக்கின்றன. "ஆண்டுதோறும் 600 மாணவர்களுக்கு நூலக ஓரியன்டேஷன்." முதலாண்டு மாணவர்கள் அரங்கில் உட்கார்ந்திருக்க, முக்கால் மணி நேரம் நூலக நேரம், விதிமுறை, அபராதம் எல்லாம் சொல்வது. அதுவும் தேவைதான், ஆனால் ஒரு வரிக்கு மேல் அதற்கு இடம் வேண்டாம்.

நம்முடைய நூலகர் வேறொன்றும் செய்திருக்கிறார். முதுகலை மாணவர்களை 25 பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்தார், கணினி ஆய்வகத்தில் இருக்கும் கணினிகளின் எண்ணிக்கை அவ்வளவு. ஒவ்வொரு குழுவுக்கும் மூன்று அமர்வுகள். முதல் அமர்வில் ஓபேக்கில் தேடுவது. இரண்டாவதில் என்-லிஸ்டில் அவரவர் கணக்கில் நுழைந்து, தன் புராஜெக்ட் தலைப்புக்கு ஒரு கட்டுரையாவது பதிவிறக்குவது. மூன்றாவதில் சொட்டேரோ வைத்து மேற்கோள் பட்டியல் தயாரிப்பது. தமிழ் வழியில் படித்து வந்த மாணவர்கள் தேடல் பெட்டியில் புராஜெக்ட் தலைப்பை முழு வாக்கியமாக அப்படியே அடிப்பதை முதல் குழுவிலேயே கவனித்தார். "கிருஷ்ணகிரி மாவட்ட மா விவசாயிகள் சந்தைப்படுத்துதலில் சந்திக்கும் பிரச்சினைகள் பற்றிய ஓர் ஆய்வு" என்று ஆங்கிலத்தில் அப்படியே போட்டால் ஒன்றும் வராது. மாம்பழம், சந்தைப்படுத்துதல் என்ற இரண்டை மட்டும் எடுத்து, ஊர்ப் பெயரை முதலில் விட்டுவிட்டு, பிறகு தமிழ்நாடு என்று குறுக்க வேண்டும். இதைத் தமிழில் ஒரு பக்கத் தாளாக எழுதி, அவரவர் தலைப்பை வைத்தே பயிற்சி கொடுத்தார்.

இந்தப் பயிற்சியை ரெஸ்யூமில் எப்படி அளந்து காட்டுவது? கலந்துகொண்டவர் எண்ணிக்கை போதாது, பின்னூட்டப் படிவத்தில் எல்லோரும் "மிக நன்று" என்றுதான் போடுவார்கள். அவரிடம் என்-லிஸ்ட் பயன்பாட்டு விவரம் இருக்கிறது. பயிற்சிக்கு முந்தைய பருவத்தில் கணக்கு வைத்திருந்த முதுகலை மாணவர்கள் 96 பேரில் ஒருமுறையாவது நுழைந்தவர்கள் 22 பேர். பயிற்சி நடந்த பருவத்தில் 61 பேர். இதைப் போடலாம். ஆனால் அந்தப் பருவத்தில்தான் புராஜெக்டும் இருந்தது என்பதையும் அவர் மறக்கக்கூடாது. கூடியதெல்லாம் பயிற்சியால்தான் என்று எழுதினால், "புராஜெக்ட் இல்லாத பருவத்தில் எவ்வளவு?" என்ற ஒரே கேள்வியில் வரி சரிந்துவிடும். எண்ணைச் சொல்லி, இரண்டும் எந்தெந்தப் பருவம் என்று குறிப்பிட்டால் போதும். எழுத வேண்டிய வரி:

"முதுகலை மாணவர்களுக்கு மூன்று அமர்வுத் தேடல் பயிற்சி, ஆண்டுக்கு 4 குழுக்கள், குழுவுக்கு 25 பேர் வரை. தமிழில் கையேடு. என்-லிஸ்ட் பயன்படுத்தியவர்கள்: பயிற்சிக்கு முந்தைய பருவம் 96இல் 22, பயிற்சி நடந்த புராஜெக்ட் பருவம் 96இல் 61."

வருகைப் பதிவேடு, கையேட்டின் பிரதி, பயன்பாட்டு விவரத்தின் அச்சு ஆகியவற்றை ஒரு கோப்பில் நேர்காணலுக்கு எடுத்துப் போகலாம். ரெஸ்யூமோடு இணைத்து அனுப்ப வேண்டியதில்லை.

எந்த வாசலுக்கு எது

தருமபுரிக் கல்லூரிக்குச் செய்த வேலை வடிவம்தான். சந்தேகமே வேண்டாம். மேலே சொன்ன மூன்று வேலைகளும் முதல் பக்கத்தில், படிப்பும் பணி விவரமும் இரண்டாம் பக்கத்தில். அந்தக் கல்லூரி நாக் மதிப்பீட்டுக்குத் தயாராகிறது என்பதால் ஒரு வரி கூடுதலாக வேண்டும். நாக் படிவத்தில் நூலகத்துக்கு மென்பொருளின் பெயர், ஆட்டோமேஷன் முழுமையா பகுதியா, பதிப்பு, எந்த ஆண்டு என்று கேட்பார்கள். அந்த நான்கையும் அதே வரிசையில் கொடுத்துவிட்டால், படிக்கிற முதல்வருக்கு இவர் அந்தப் படிவத்தை ஏற்கெனவே நிரப்பியவர் என்பது தெரிந்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய கல்லூரியின் சுய ஆய்வு அறிக்கையும் ஆண்டு அறிக்கைகளும் அந்தக் கல்லூரியின் இணையதளத்திலேயே இருக்கும். அதில் "பகுதி ஆட்டோமேஷன், 14,800 புத்தகங்கள்" என்று இருந்து, ரெஸ்யூமில் "முழு ஆட்டோமேஷன், 16,200" என்று இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கிறவர் கண்ணில் படாமல் போகாது. அறிக்கைக்குப் பிறகு கூடியிருக்கலாம், அதில் தவறில்லை. "2025 மார்ச் நிலவரப்படி" என்று தேதி போட்டால் பிரச்சினை இல்லை.

ஓசூர்ப் பள்ளிக்கு நான் பணி வரிசையைத்தான் சொல்வேன், பயிற்சிப் பகுதியைத் தூக்கி மேலே வைத்து. பள்ளி முதல்வருக்கு 952 பற்றிக் கவலை இல்லை. வாரம் ஒரு நூலக வகுப்பை இவர் எடுப்பாரா, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைச் சமாளிப்பாரா, நடுவில் விட்டுவிட்டுப் போவாரா என்பதுதான் அவருடைய யோசனை. ஒன்பது ஆண்டு ஒரே இடத்தில் இருந்தது அங்கே பெரிய பலம். கோஹா மாற்றத்தை ஒரு வரியில் சுருக்கலாம். நான்கு மொழிப் புத்தகங்களைப் பதிந்ததை விடக்கூடாது.

நிறுவனத்தின் தகவல் மையத்துக்குப் பட்டியல் மேலே வர வேண்டும், வேறு வழியில்லை. இணையப் படிவத்தில் ஏற்றும் ரெஸ்யூமில் அட்டவணை, பெட்டி, இரண்டு பத்தி அமைப்பு எதுவும் வேண்டாம். வடிகட்டும் மென்பொருள் அவற்றுக்குள் இருப்பதைத் தாறுமாறாகப் படித்துவிடும். Koha, DSpace, MARC 21, MarcEdit, Zotero என்று திரையில் இருக்கும் எழுத்திலேயே கொடுக்க வேண்டும். ஆனால் கைபட்டவை மட்டும். சோலும் நியூஜென்லிப்பும் வகுப்பில் பார்த்தவை என்றால் வெளியே போகட்டும். பட்டியலுக்குக் கீழே செய்த வேலைகளில் டிஸ்பேஸ் முதலில் வரலாம். ஆவணங்களை ஸ்கேன் செய்து, குறியீடு மாறினாலும் கிடைக்கும்படி தகவல் கொடுத்து வைத்த அனுபவம் ஒரு தொழிற்சாலையின் வரைபடங்களுக்கும் கையேடுகளுக்கும் நேராகப் பயன்படும். என்-லிஸ்ட் அவர்களுக்கு எதுவும் சொல்லாது.

ஆக, மூன்று வெவ்வேறு ரெஸ்யூம்களை உட்கார்ந்து எழுத வேண்டியதில்லை. செய்த வேலைகளை முழுமையாக எழுதிய ஒரு மூலக் கோப்பு இருந்தால் மற்ற இரண்டையும் அதிலிருந்து ஒரு மாலையில் வெட்டி எடுத்துவிடலாம். பட்டியலிலிருந்து தொடங்கினால் இது நடக்காது, கோஹா என்ற சொல்லிலிருந்து 3,100 தமிழ்ப் பதிவுகளைத் திரும்ப வரவழைக்க முடியாது.

பட்டம் முடித்து இப்போதுதான் வெளியே வருகிறவர்களிடம் இப்படி எழுத வேலை இருக்காது. அவர்களும் பதினைந்து மென்பொருள் பெயர்களை அடுக்க வேண்டாம். கோஹா இலவசம், சொந்த மடிக்கணினியிலேயே நிறுவலாம். ஊரில் ஒரு சின்ன நூலகத்தின் இருநூறு புத்தகங்களை, தமிழும் ஆங்கிலமும் கலந்து, அனுமதி கேட்டுப் பதிந்து பாருங்கள். அப்போது ரெஸ்யூமில் "கோஹாவில் 200 படிகள், 170 தலைப்புகள் பதிந்தேன். அதில் 90 தமிழ்" என்று எழுதலாம். அந்த வரியை வைத்து வருகிறவரிடம் நான் அடுத்த கேள்வியைக் கேட்பேன்.